ஆறு நிமிடம் நான்கு விநாடி

அறிவிப்பில் தேதி இருந்தது, நேரம் இல்லை.

தீயணைப்பு நிலையத்தின் பலகையில் அந்தத் தாளை ஒட்டிப் பத்து நாளாகியிருந்தது. ஆண்டு உடல்தகுதித் தேர்வு இன்ன தேதியில், சம்பந்தப்பட்டவரின் பணிமுறையின்போது நடத்தப்படும் என்று அதில் எழுதியிருந்தது. அவள் அதை நான்கு முறை படித்தாள். பணிமுறை என்பது காலை எட்டு மணியிலிருந்து மறுநாள் காலை எட்டு மணிவரை. அதாவது இருபத்துநாலு மணி நேரம். ஆனால் நிலையத்தில் எல்லோரும் தேர்வு பதினோரு மணிக்கு என்றே பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு வருடமும் பதினோரு மணிக்கு நடந்ததைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

அந்தத் தேதி அவளுக்கு நோன்பு நாள். விடியலிலிருந்து சூரியன் மறையும்வரை சோறும் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை.

நிலையத்தில் அவள் பெயர் ஏணி. ஐந்தடி பதினோரு அங்குல உயரம். சேர்ந்த முதல் வாரம் யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. போன வருடத் தேர்வும் நோன்பு நாளில்தான் வந்தது. பதினோரு மணி இருபது நிமிடத்துக்குப் பயிற்சிக் கோபுரத்தின் நாலாவது மாடிப் படியில் சரிந்து விழுந்தாள். அதன்பிறகு அவளைத் தீயணைப்பு வண்டியிலிருந்து இறக்கி அழைப்பு அறையில் போனெடுக்க உட்காரவைத்தார்கள். விதிப்படி இரண்டாவது முறையும் தவறினால் அந்த நாற்காலி நிரந்தரம்.

ஒரு வருடமாக அவள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். நோன்பு நாட்களில், வேலை இல்லாதபோது, கோபுரத்தில் ஏறிப் பார்த்து எழுதியது. மணி, சுமை, எடுத்த நேரம், நாடித்துடிப்பு, ஏறுவதற்கு முன்னும் பின்னும் உடம்பின் எடை. கடைசிப் பத்தியில் இரண்டு மூன்று சொல். காலை ஆறு மணிக்கு எதிரே, "ஓடினேன். பகலெல்லாம் நாக்கு ஒட்டியது. உதவாது." நண்பகலுக்கு எதிரே, "மூன்றாம் மாடி. நிறுத்தினேன்." சூரியன் மறைவதற்கு முக்கால் மணி முன்னால், "நிதானமாக ஏறினால் தாங்கும். 6.40, 6.48, 6.44. வேகம் கூட்டக் கூடாது." நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்து, "5.52. சாதாரண நாள் மாதிரி."

தேர்வின் எல்லை ஏழு நிமிடம்.

அன்று விடியற்காலை நாலு மணிக்குச் சமையலறை விளக்கைப் போட்டபோது அம்மா ஏற்கெனவே முட்டையை வேகவைத்துவிட்டுப் பாத்திரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"லீவு சொல்லு. டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கு. தேர்வை வேற நாளைக்கு மாத்துவாங்க."

"சீட்டு வாங்கினா உடம்பு சரியில்லன்னு எழுதுவாங்கம்மா. எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நோன்பை விடு. ஒரு நாள்தானே, அப்புறமா வச்சுக்கலாம்."

"அதுக்கும் இப்ப ஒரு காரணமும் இல்ல."

"உன் அப்பா இருந்தா உன்னை..."

"அப்பா இருந்தா எனக்கு ரெண்டு முட்டை கூட வச்சிருப்பாரு."

அம்மா வாய்க்குள் சிரித்துக்கொண்டு இன்னும் இரண்டு முட்டையை உரித்தாள். மகள் ரொட்டியும் முட்டையும் வாழைப்பழமும் சாப்பிட்டாள். உப்புப் போட்ட எதையும் தொடவில்லை, காப்பியும் குடிக்கவில்லை. தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் கால் மணிக்கு ஒரு டம்ளராகக் குடித்தாள். நாலே முக்காலுக்குக் கடைசி டம்ளர். அதற்குப் பிறகு பல் துலக்கிவிட்டு மறுபடி படுத்தாள். அந்த ஒன்றரை மணி நேரத் தூக்கமும் அவள் நோட்டில் ஒரு வரியாக இருந்தது.

பயிற்சி அதிகாரியைப் பின்னால் எல்லோரும் விசில் என்பார்கள். முன்னால் சார். அவர் வாயால் பேசினாலும், கழுத்தில் தொங்கும் விசிலை ஊதினாலும், கேட்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

காலை எட்டரைக்கு அவர் மேசைக்கு எதிரில் அவள் நின்றாள்.

"சார், என் தேர்வை ராத்திரி எட்டு மணிக்கு வைக்கணும்."

அவர் நிமிரவில்லை. "பதினோரு மணி."

"அறிவிப்புல பதினோரு மணின்னு இல்ல. பணிமுறைன்னுதான் இருக்கு."

இப்போது நிமிர்ந்தார். "நோன்பா?"

"ஆமா."

"ஏம்மா, நெருப்பு உன் நோன்பைக் கேட்டுட்டா பத்திக்கும்? எட்டு மணி ஆகட்டும், அந்தப் பொண்ணு சாப்பிட்டுட்டு வரட்டும்னு காத்திருக்குமா?"

அவருக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் அதற்காகவே காத்திருந்தவள் மாதிரிப் பதில் சொன்னாள்.

"நெருப்பு வந்தா நான் தண்ணி குடிச்சுட்டு ஏறுவேன் சார். உயிர்னு வந்தா நோன்பை விடலாம், அப்புறமா ஒரு நாள் வச்சுக்கலாம். அது எங்களுக்குச் சொல்லியே இருக்கு. ஆனா பதினோரு மணி நெருப்பு இல்ல. பதினோரு மணி உங்க பழக்கம்."

சிரித்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

"நான் ஆறு மணிக்குக் கிளம்பணும்," என்றார் விசில். "எனக்கும் வீடு இருக்கு."

"எனக்குப் பதினேழு கிலோ உபகரணமும் பதினெட்டு கிலோ ஹோஸ் சுருளும் இருக்கு. தண்ணி இல்லாம வெயில்ல அதைத் தூக்கிட்டு ஓடினா உடம்புச் சூடு இறங்க வழியே இல்ல. வேர்வைக்குத் தண்ணி வேணும். போன வருஷம் நடந்தது அதுதான். நான் பலவீனமா இருக்கேன்னு நீங்க எழுதினீங்க. நேரம் தப்புன்னு எழுதியிருக்கணும்."

அவர் கை மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைச் சுழற்றியது. போன வருடம் அவள் விழுந்ததற்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரியும். மறுபடி ஒரு கடிதம் அவருக்கும் வேண்டாம்.

"அஞ்சரை மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் இல்ல. அஞ்சரைக்கு வெயில் கோபுரத்துக்குப் பின்னால போயிடும். வேணும்னா செய், வேண்டாம்னா வரலைன்னு எழுதிக்கிறேன்."

அவள் மனதுக்குள் நோட்டைப் புரட்டினாள். ஐந்தரை என்றால் சூரியன் மறைய ஐம்பது நிமிடம். எட்டு மணி இல்லை. ஆனால் நிதானமாக ஏறினால் ஆறு நிமிடம் நாற்பது விநாடி. வேகம் கூட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். எல்லைக்குப் பதினைந்து விநாடி மீதி வைத்து, ஓடாமல், நடந்து முடிக்கலாம்.

"சரி சார், அஞ்சரை. ஆனா காலைப் பயிற்சியில நான் ஓட மாட்டேன்."

"என்ன?"

"முடிச்சுப் போடுற பயிற்சி, ஏணி விரிக்கிற பயிற்சி செய்யறேன். ஹோஸை இழுத்துக்கிட்டு ஓடுறது இன்னிக்குக் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு வேர்வைதான் என்கிட்ட இருக்கு. அது அஞ்சரைக்கு."

ஒன்பதரைக்குக் கொட்டகை நிழலில் அவள் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, தண்ணீர் லாரி ஓட்டுநர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எல்லோருக்கும் டேங்கர் அண்ணன். ஐம்பத்துமூன்று வயது, உருண்டையான தோள்.

"தண்ணிகூடவா கூடாது?"

"வருஷா வருஷம் கேக்கறீங்கண்ணே."

"பதில் மாறுமான்னு பாக்குறேன். நாலாயிரத்தைந்நூறு லிட்டரை முதுகுல சுமந்துக்கிட்டு, பக்கத்துல இருக்குறவளுக்கு ஒரு வாய் குடுக்க முடியலயே."

"சாயந்திரம் குடுங்க. மொத்த டேங்கும் எனக்குத்தான்."

அவர் சிரித்தார். அவள் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து கிடங்குப் பக்கம் போனார்.

பகல் முழுக்க அவள் அழைப்பு அறையில் போன் எடுத்தாள். மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். தேவையில்லாமல் மாடி ஏறவில்லை. இரண்டு மணிக்கு ஒரு குப்பைத்தொட்டி தீ, மூன்றே காலுக்கு லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பம். ஒவ்வொன்றுக்கும் வண்டி புறப்படும்போது அவள் ஜன்னலுக்கு வந்து நின்று பார்த்தாள். வண்டியின் இடது பக்க மூன்றாவது இருக்கை அவளுடையது. ஒரு வருடமாக அதில் வேறொருவர் உட்கார்ந்து போகிறார்.

நாலு மணிக்கு உபகரணம் எடை பார்க்கும் மேடையில் ஏறினாள். காலையைவிட எண்ணூறு கிராம் குறைவு. பரவாயில்லை. உதடு காய்ந்திருந்தது, தலை தெளிவாக இருந்தது. தலை சுற்றினால், வேர்வை நின்றுபோனால், குளிர் அடித்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பது அவள் தனக்குப் போட்டுக்கொண்ட மூன்று விதி.

ஐந்தரைக்குக் கோபுரத்தடியில் விசில், பதிவேடு, ஸ்டாப்வாட்ச். டேங்கர் அண்ணன்தான் அவளுக்குக் கூட்டாளி. கோட்டு, பூட்ஸ், தலைக்கவசம், முதுகில் மூச்சுக்காற்று உருளை. எல்லாம் மாட்டிய பிறகு ஹோஸ் சுருளைக் கூட்டாளிதான் தூக்கித் தோளில் வைக்க வேண்டும் என்பது தேர்வின் முறை. ஆள் தரையிலிருந்து குனிந்து தூக்கினால் முதுகுக்கு ஆபத்து என்று எப்போதோ ஒருவர் எழுதிவைத்தது.

அவர் தூக்கி வைத்தார். கண்ணைப் பார்க்கவில்லை.

விசில் ஊதியது.

ஐந்து மாடி, மாடிக்குப் பதினெட்டுப் படி. ஒரு படி, ஒரு எண்ணிக்கை. இரண்டிரண்டாகத் தாவவில்லை. ஒவ்வொரு மாடித்திருப்பத்திலும் மூச்சு அடங்கும்வரை நிற்பது அவள் திட்டம். வழக்கமாகப் பத்து மூச்சு வேண்டும். முதல் திருப்பத்தில் நாலு மூச்சில் அடங்கிவிட்டது. இரண்டாவதில் ஐந்து. உடம்பு இன்று நன்றாக இருக்கிறது என்று நினைத்தாள். உச்சியில் கயிற்றைப் போட்டுக் கீழேயிருந்த எடையை இழுத்து ஏற்றினாள், இறக்கினாள். இறங்கி வந்து சுருளைக் கீழே போட்டுவிட்டு, எழுபது கிலோ பொம்மையின் அக்குளுக்குக் கீழே கைகொடுத்து முப்பது மீட்டர் பின்னோக்கி இழுத்தாள். கோடு தாண்டியது.

விசில் ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டு இரண்டு முறை பார்த்தார்.

"ஆறு நிமிஷம் நாலு விநாடி." குரலில் எழுந்த வியப்பை உடனே மறைத்துக்கொண்டார். "சரி. தேர்ச்சி."

கொட்டகையிலிருந்து கைதட்டல் வந்தது. டேங்கர் அண்ணன் தலைக்கவசத்தைக் கழற்ற உதவினார். அவள் முழங்காலில் கைவைத்துக் குனிந்திருந்தாள். தலை சுற்றவில்லை. நாடி நூற்று ஐம்பதுக்குள்தான் இருந்தது. மனதில் நோட்டின் அந்தப் பக்கம் திறந்துகொண்டது. 6.40. 6.48. 6.44. ஒரு வருடத்தில், தண்ணீர் இல்லாமல், இந்த நேரத்தில் ஆறரை நிமிடத்துக்குக் கீழே ஒரு முறைகூடப் போனதில்லை. அதுவும் ஓடாமல்.

ஆறு நாலு அவளுடைய எண் இல்லை.

பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்த விசிலைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். "சார், எழுதாதீங்க."

கோபுரத்தடியில் கிடந்த சுருளிடம் போனாள். வெளிச்சுற்று அகலமாக, சரியாக இருந்தது. இரண்டு பக்கமும் கைகொடுத்துப் பிரித்தாள். நடுவிலிருந்து ஒரு காலிப் பெயிண்ட் டப்பா உருண்டு வந்து விசிலின் பூட்ஸில் இடித்து நின்றது.

கொட்டகையில் நின்றவர்கள் கிட்டே வந்தார்கள்.

அந்த ஹோஸ், போன மாதம் கிழிந்து, வெட்டி, பன்னிரண்டு மீட்டராகக் குறைந்த துண்டு. முழு நீளச் சுருள் மாதிரித் தெரிய டப்பாவைச் சுற்றிச் சுருட்டியிருந்தது. அவள் அதை எடை மேடையில் வைத்தாள். பதினொன்று புள்ளி நாலு கிலோ.

"யாரு சுத்தினது?" என்றார் விசில்.

"நான்," என்றார் டேங்கர் அண்ணன்.

விசில் கத்தவில்லை. அது எல்லோருக்கும் இன்னும் பயமாக இருந்தது. "உங்க மேல எழுதறது தனி," என்றார் அவரிடம். அவள் பக்கம் திரும்பினார். "இந்தத் தேர்வு செல்லாது. முழுச் சுருளை எடு. இப்பவே ஓடு."

"இப்ப ஓட மாட்டேன் சார்."

"ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"என்கிட்ட இருந்த ஒரு வேர்வை அந்த டப்பாவுக்குப் போயிடுச்சு. இப்ப இன்னொரு தடவை ஏறினா நான் முட்டாள். நீங்க ஏறச்சொன்னா நீங்க அதைவிடப் பெரிய முட்டாள்."

சொன்னது அவளுக்கே அதிகமாகத் தெரிந்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆறு இருபதுக்கு நோன்பு திறப்பேன். எட்டே காலுக்கு ஏறுவேன்."

"ஆறு மணிக்கு நான் கிளம்பணும்னு..."

"கிளம்புங்க. பணிமுறை நாளைக் காலைல எட்டு மணி வரைக்கும் இருக்கு. அறிவிப்புல உங்க வீட்டு நேரம் இல்ல. இல்ல, தேறலைன்னு எழுதப்போறீங்களா? எழுதுங்க. ஆனா முழுசா எழுதுங்க. சுருள் பதினொன்னு புள்ளி நாலு கிலோ. காரணம் அவ இல்ல. மறுதேர்வு அவ கேட்டும் அதிகாரி தரல. நானே சொல்றேன், நீங்க எழுதுங்க."

விசில் பேனா மூடியைப் போட்டார். பிறகு கழற்றினார். மறுபடி போட்டார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, கொஞ்சம் தள்ளிப் போய், யாரிடமோ, "வர லேட்டாகும், நீங்க சாப்பிடுங்க," என்றார்.

ஆறு இருபத்திரண்டுக்கு அவள் அழைப்பு அறையில் நாற்காலியில் உட்கார்ந்து முதல் வாய்த் தண்ணீரைக் குடித்தாள். வாய்க்குள் வைத்துக்கொண்டு, பிறகு விழுங்கினாள். ஒரு முழு பாட்டிலையும் அண்ணாந்து ஊற்றிக்கொள்ள உடம்பு கெஞ்சியது. அதற்கு இடம் தரவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர், மூன்று பேரீச்சம்பழம். பிரார்த்தனை. பிறகு ஒரு சிட்டிகை உப்புப் போட்ட இரண்டாவது டம்ளர். ஒரு வாழைப்பழம், இரண்டு ரொட்டித்துண்டு. வீட்டிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய நாலு அடுக்குப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. அது தேர்வுக்குப் பிறகு.

ஆறு நாற்பதுக்கு விசில் எட்டிப் பார்த்தார். "குடிச்சாச்சுல்ல? வா, முடிச்சுடலாம்."

"குடிச்ச தண்ணி இன்னும் வயித்துலதான் குலுங்குது சார். உடம்புல சேரல. இப்ப ஓடினா உங்க பூட்ஸ் மேலதான் வரும்."

அவர் தன் பூட்ஸைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஏழு மணிக்கு டேங்கர் அண்ணன் வந்தார். உள்ளே வராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"திட்டு," என்றார்.

"உள்ள வந்து உட்காருங்க. நின்னுக்கிட்டே திட்டு வாங்குவீங்களா?"

உட்கார்ந்தார். கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டார். "போன வருஷம் நாலாவது மாடியிலேர்ந்து உன்னை இறக்கினது நான்தான். உன் உதடு என்ன நிறத்துல இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உங்க அம்மாவுக்கு போன் பண்ணினதும் நான்தான். மறுபடி ஒரு தடவை அந்த போனை என்னால பண்ண முடியாது தங்கச்சி."

அவள் மூன்றாவது டம்ளரைப் பாதி குடித்து வைத்தாள். கோபம் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தபோது கோபத்தை எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"நான் ஏன் சாயந்திரம் கேட்டேன்? ஏன் மெதுவா ஏறினேன்? ஏன் காலைல ஓட மாட்டேன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொன்னேன்? விழாம இருக்கத்தானேண்ணே. ஒரு வருஷம் ஒவ்வொரு கிலோவா, ஒவ்வொரு நிமிஷமா கணக்குப் பாத்து வச்சதை ஒரு பெயிண்ட் டப்பா வச்சுக் கெடுத்துட்டீங்களே."

"தெரியாமப் போச்சு."

"தெரியாமன்னா கேட்டிருக்கலாம். நோட்டைக் காட்டியிருப்பேன். எல்லாருக்கும் நோன்புன்னதும் என் கால் பலமில்லன்னு தோணிடுது. சார் கேலி பண்றார், நீங்க பாவம் பாக்குறீங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? இந்த நாற்காலியில இருந்து எழுந்திருச்சதும் ஊரெல்லாம் என்ன பேசும் தெரியுமா? நோன்பு வச்ச பொண்ணுக்கு டப்பா சுத்திக் குடுத்தாங்கன்னு. நாளைக்கு நிஜமான வீட்டுல, நிஜமான மாடியில யாருண்ணே எனக்கு டப்பா சுத்தித் தருவாங்க?"

அவர் கையை நீட்டினார். "அந்த நோட்டைக் குடு," என்றார்.

அவள் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். வண்டி ஓட்டும்போது திசைப்பலகையைப் படிக்கிற மாதிரி, ஒவ்வொரு வரியிலும் நின்று. நண்பகல் பக்கங்களில் அதிக நேரம் நின்றார்.

"மூணாவது மாடியிலயே நிறுத்தியிருக்கே."

"மூணு தடவை."

"நிறுத்தத் தெரிஞ்சிருக்கு." கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு அது தெரியாது. நீ விழற வரைக்கும் ஏறுவேன்னு நினைச்சேன்."

எட்டு பத்துக்கு அவள் மேடையில் ஏறினாள். குறைந்த எண்ணூறு கிராமும், தேர்வில் போனதும் சேர்ந்து திரும்பியிருந்தது, கொஞ்சம் கூடவே. தண்ணீர் வயிற்றில் குலுங்கவில்லை. நாடி எழுபத்திரண்டு. கிடங்கிலிருந்து சுருளைத் தானே எடுத்து, எல்லோரும் பார்க்க மேடையில் வைத்தாள். பதினெட்டு புள்ளி இரண்டு. விசில் குனிந்து எண்ணைப் படித்துப் பதிவேட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். கோபுரத்தின் எல்லா மாடிவிளக்கும் எரிந்தது. பணியில் இருந்த எல்லோரும் கொட்டகைக்கு வெளியே வந்து நின்றார்கள்.

டேங்கர் அண்ணன் சுருளைத் தூக்கி அவள் தோளில் வைத்தார். எடை எலும்பில் உட்கார்ந்தது.

"கனமா இருக்கா?" என்றார்.

"இருக்கணும்."

விசில் ஊதியது.

இந்த முறை அவள் எண்ணவில்லை. முதல் இரண்டு மாடியை இரண்டிரண்டு படியாகத் தாவினாள், மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றாக. எந்தத் திருப்பத்திலும் நிற்கவில்லை. கழுத்தோரம் வேர்வை இறங்கியது. அது இறங்குவது அவளுக்குச் சுகமாக இருந்தது. நாலாவது மாடியில் காலை வலது ஓரமாக ஊன்றி, கைப்பிடியைத் தொடாமல், தாண்டினாள். உச்சியில் கயிறு உள்ளங்கையைச் சுட்டது. இறங்கும்போது பூட்ஸ் சத்தம் அவளை விரட்டியது. பொம்மையை இழுக்கும்போது தொடை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். கோடு தாண்டியதும் பொம்மையோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அஞ்சு நிமிஷம் அம்பத்தொன்பது," என்றார் விசில்.

யாரும் உடனே கைதட்டவில்லை. எல்லோருடைய பார்வையும் சுருள் மேல் இருந்தது. டேங்கர் அண்ணன் போய் அதைப் பிரித்துக் காட்டினார், உள்ளே டப்பா இல்லை. அப்புறம்தான் தட்டினார்கள்.

பத்து நிமிடம் கழித்து அவள் அழைப்பு அறை மேசையில், கோட்டின் பொத்தான் கழற்றாமலேயே, பதிவேட்டுக்கு முன் நின்றாள். விசில் பெயர், தேதி, எடுத்த நேரம், முடிவு என்று நாலு கட்டமும் நிரப்பினார். தேர்ச்சி. கையெழுத்துப் போட்டார். மூடப்போனார்.

அவள் பதிவேட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"எத்தனை மணிக்குன்னு எழுதல சார்."

"அதுக்குக் கட்டம் இல்ல."

மேசையில் கிடந்த அளவுகோலை எடுத்து, தேதிக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டாள். கோட்டின் தலையில் 'மணி' என்று எழுதினாள். தன் பெயருக்கு நேரே 8.17 என்று எழுதினாள்.

"இது அரசாங்கப் பதிவேடு," என்றார் விசில்.

"ஆமா. அதனாலதான் கோணாம போட்டிருக்கேன்."

அவர் கோட்டைப் பார்த்தார். கோணவில்லைதான். "இனிமே எல்லாருக்கும் இதை நிரப்பணுமா?"

"எல்லாருக்கும்."

அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பி அதிலும் கோடு போட்டாள். அதற்கடுத்ததிலும். அவர் தடுக்கவில்லை, உதவவும் இல்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பதினோராவது பக்கத்தில் பேனா மை தீர்ந்தது. அவர் சட்டைப்பையில் ஒரு பேனா இருந்தது, அவர் அதைத் தரவில்லை. அவள் மேசை இழுப்பறையைத் திறந்து வேறொன்றை எடுத்துக்கொண்டு, விட்ட கோட்டிலிருந்து தொடர்ந்தாள்.